சேலை விற்க நீண்ட போஸ்ட்டா, ஒரு வரி போதுமா?

தறிவீட்டுப் பிள்ளை (மருதமுனை)

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. வாப்பாவும் சாச்சாவும் நெய்கிறார்கள், பேஸ்புக் பக்கத்தை நான் பார்க்கிறேன். ஒரே பருத்திச் சேலைக்கு, ஒரே போட்டோவோடு, இரண்டு விதமாக எழுதிப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே அளவு காசு கொடுத்து பூஸ்ட் செய்தேன்.

முதலாவது இவ்வளவுதான்: "மருதமுனைக் கைத்தறி. மண்ணின் பெருமை உங்கள் தோளில். விலை இன்பொக்ஸில்."

இரண்டாவது ஏறக்குறைய 350 சொல். அதன் தொடக்கத்தை மட்டும் இங்கே போடுகிறேன்:

"இந்தச் சேலையை முதல் தடவை துவைக்கும்போது கொஞ்சம் சாயம் போகும். தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். அதற்குப் பிறகு போகாது, அப்படியும் போனால் எங்களிடம் சொல்லுங்கள். 60ஆம் நம்பர் பருத்தி நூல். நீளம் ஐந்தரை மீட்டர், அதற்கு மேல் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டு. பாவு ஓட்டித் தறியில் ஏற்றிய பிறகு ஒரு சேலை நெய்ய இரண்டு நாள் ஆகும். விலை 6,800 ரூபா, டெலிவரி 450. கடையில் 2,500க்குக் கிடைப்பது மின்தறிச் சேலை, அதுவும் கெட்டதில்லை, ஆனால் இது அதுவல்ல..."

இதற்குப் பின்னால் நிறம் போட்டோவில் எப்படி மாறித் தெரியும், துவைக்காமல் வைத்திருந்தால் ஐந்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்றெல்லாம் எழுதினேன். கடைசியில் உம்மம்மா காலத்துத் தறியைப் பற்றி ஒரு பந்தியும் இருக்கிறது.

ஒரு வரிப் போஸ்ட்டுக்கு லைக் மழையாக விழுந்தது. இன்பொக்ஸில் 60 பேர் அளவில் விலை கேட்டார்கள், விற்றது 4. நீளமானதற்கு லைக்கும் குறைவு, கேட்டவர்களும் 22 பேர்தான், ஆனால் 9 சேலை போயிற்று. "நீளமாக எழுதினால் யார் படிப்பார்" என்று மச்சி சொல்கிறா. இது நீளத்தால் வந்த வித்தியாசமா, வேறு ஏதாவதா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பூஸ்ட் மாஸ்டர் (அக்கரைப்பற்று)

தங்கச்சி, ஏழெட்டுக் கடையின் பக்கங்களை நான்தான் நடத்துகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். போனில் பார்க்கிறவன் விரலால் தள்ளிக்கொண்டே போகிறான். மூன்று வரிக்குப் பிறகு "மேலும் பார்க்க" என்று வந்துவிடும், அதைத் தட்டுகிறவன் நூறில் எத்தனை பேர்? 350 சொல் எழுதுகிற நேரத்தில் நல்ல வீடியோ ஒன்று எடுத்துவிடலாம். ஒரு வரி, ஒரு படம், ஒரு பட்டன். இந்தக் காலத்துக்கு அதுதான் சரி.

9 சேலை போனது தற்செயல். அந்த வாரம் கலியாண வீடு கிலியாண வீடு இருந்திருக்கும்.

---

களுவாஞ்சி பிளெக்ஸ் (களுவாஞ்சிகுடி)

நீளம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். பத்தடிக்கு நாலடி போர்ட் என்றால் கடை முகப்புக்கு அளவாக இருக்கும். அதற்குமேல் நீளம் தேவையில்லை, காற்றுக்குக் கிழியும். எழுத்தின் உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 அடி தூரத்திலேயே தெரிய வேண்டுமானால் 15 அங்குல எழுத்து. பத்தடி அகலத்தில் அப்படி ஒரு வரிக்கு ஏழெட்டு எழுத்துத்தான் வரும். தமிழில் கொம்பும் சுழியும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நல்லது.

பிரதான வீதியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அந்த 150 அடியை மூன்று நாலு செக்கனில் தாண்டிவிடுவான். "மருதமுனை கைத்தறி" என்று இரண்டு வரி, கீழே அம்புக்குறி. அவ்வளவுதான். ஆட்கள் வந்து பத்து தொலைபேசி இலக்கம், கடவுள் படம், "எங்களிடம் சகலவிதமான..." என்று ஒரு கட்டுரையையே தருவார்கள். அச்சடித்துக் கொடுப்பேன், காசு தருகிறார்களே.

---

தறிவீட்டுப் பிள்ளை

அண்ணன், நான் கேட்டது எழுத்தின் நீளம், போர்ட்டின் நீளம் இல்லை 😄 ஆனால் நீங்கள் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன். வாசலில் ஒரு போர்ட் போடத்தான் வேண்டும்.

---

கல்லடியான் (மட்டக்களப்பு)

களுவாஞ்சித் தம்பி கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் பாதி விடையைச் சொல்லிவிட்டார். நான் கொழும்பில் விளம்பரக் கம்பனியில் தமிழ் வாசகம் எழுதுகிறவனாகப் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீதியில் போகிறவனிடம் மூன்று செக்கன்தான் இருக்கிறது. அவனிடம் விற்க முடியாது, பெயரை ஞாபகத்தில் வைக்கலாம், வலப்பக்கம் திரும்பு என்று சொல்லலாம். அந்த வேலைக்கு இரண்டு சொல் போதும், மூன்றாவது சொல் தொல்லை. பிள்ளையின் போஸ்ட்டுக்கு இருக்கும் வேலை வேறு. அதைப் பார்க்கிறவர் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கிறார், தறியைக் கண்டதில்லை, துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு 7,250 ரூபா கொடுக்கச் சொல்கிறோம். கடையில் என்றால் சேலையை விரித்துக் காட்டிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் நிற்பார். இங்கே அந்த ஆள் இல்லை, எழுத்துத்தான் அந்த ஆளின் வேலையைப் பார்க்க வேண்டும். கொடுக்கத் தயங்குகிறவர் மனதில் எத்தனை கேள்வி இருக்கிறதோ அத்தனைக்கும் பதில் இருந்தால் போதும். நீளம் தானாக வரும்.

அந்த 60 பேரையும் 22 பேரையும் பாருங்கள். ஒரு வரிப் போஸ்ட்டில் விலையே இல்லை, அதனால் 60 பேரும் விலையைக் கேட்கத்தான் வந்தார்கள். கேட்டதும் பெரும்பாலானவர்கள் "ஓகே" என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், இல்லையா? நீளமானதைப் படித்தவர்களில் விலை ஒத்துவராதவர்கள் இன்பொக்ஸுக்கு வராமலே போய்விட்டார்கள். வந்த 22 பேரும் விலை, சாயம், நீளம் எல்லாம் தெரிந்துகொண்டு வந்தவர்கள். ஒரு சேலை விற்க முந்தியதில் பதினைந்து பேருக்குப் பதில் எழுதினீர்கள், பிந்தியதில் இரண்டு மூன்று பேருக்கு. உங்கள் நேரமும் செலவுதான் பிள்ளை.

பூஸ்ட் மாஸ்டர் சொல்வதிலும் பாதி சரி. பெரும்பாலானவர்கள் படிக்கமாட்டார்கள். ஆனால் படிக்காத அந்த ஆட்கள் ஒரு வரி போட்டாலும் வாங்கப்போவதில்லை. சேலை வாங்குகிற எண்ணம் உள்ள பெண் தட்டித் திறந்து கடைசி வரி வரைக்கும் படிப்பா. அதனால் "மேலும் பார்க்க" வருவதற்கு முந்திய மூன்று வரிதான் தலைப்பின் வேலையைச் செய்கிறது. உங்கள் போஸ்ட்டில் அந்த இடத்தில் "சாயம் போகும்" என்று இருக்கிறது. தன் சரக்கின் குறையை முதல் வரியிலேயே சொல்கிறவர் மற்ற விஷயத்திலும் பொய் சொல்லமாட்டார் என்று ஆட்களுக்குப் படும். அது உங்களுக்குத் தானாக வந்ததா, யாராவது சொல்லித் தந்தார்களா தெரியாது, நல்ல வரி. உம்மம்மா பந்தியை நான் என்றால் வெட்டுவேன்.

இன்னொன்று. நீளமா குட்டையா என்று நாம் சண்டை போட்டாலும் பெரிய விளம்பரங்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். 1958இல் டேவிட் ஒகில்வி எழுதிய ரோல்ஸ்-ரோய்ஸ் விளம்பரத்தில் மணிக்கு 60 மைல் வேகத்தில் கேட்கும் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்று ஒரு தலைப்பு. எல்லோருக்கும் அதுதான் ஞாபகம். கீழே 600 சொல் அளவுக்கு, எண் போட்டு வரிசையாகத் தகவல்கள் இருந்தன. அடுத்த வருஷம் வந்த வொக்ஸ்வாகனின் "சின்னதாக நினை" விளம்பரத்திலும் அந்த வாசகத்துக்குக் கீழே பந்தி பந்தியாக எழுத்து இருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வரிதான் விற்றது என்று நாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

---

வெள்ளவத்தை அக்கா

நான் விளம்பரம் எழுதுகிற ஆள் இல்லை, வாங்குகிற ஆள். போன வருஷம் ஒரு பக்கத்தில் (பிள்ளையின் பக்கம் இல்லை) கைத்தறி என்று சொல்லி வாங்கினேன். வந்ததில் ரவிக்கைத் துண்டு இல்லை. கேட்டால் "போஸ்ட்டில் சொல்லவில்லையே அக்கா" என்றார்கள். உண்மைதான், போஸ்ட்டில் ஒன்றுமே சொல்லவில்லை, "பாரம்பரியம்" என்று மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நீளத்தை மீட்டரில் போடாதவர்களிடம் நான் வாங்குவதில்லை. பிள்ளை எழுதியதை முழுக்கப் படித்தேன். என்னை நிறுத்தியது அந்த 80 சென்டிமீட்டர்தான், சாயம் இல்லை. உம்மம்மா பந்தி எனக்குப் பிடித்தது, கல்லடி அண்ணன் கோபிக்க வேண்டாம்.

---

கொமர்ஸ் சேர் (சம்மாந்துறை)

என் அனுபவத்தையும் சொல்கிறேன், பொருந்துமா என்று பாருங்கள். உயர்தர வகுப்புக்கு ரியூஷன் நடத்துகிறேன். எங்கள் பகுதியில் பெயர் எடுத்த ஒரு சேர் இருக்கிறார். அவருடைய நோட்டிஸில் பெயர், பாடம், கிழமை, நேரம், இடம், இவ்வளவுதான் இருக்கும். மண்டபம் நிறைந்துவிடும். நானும் அதே பாணியில் அடித்துப் பார்த்தேன், வந்தவர்கள் என் உறவுக்காரப் பிள்ளைகள்தான்.

அப்புறம் நோட்டிஸின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். எந்த மாதம் எந்த அலகு முடியும், கடந்தகால வினாத்தாள் எத்தனை வருடத்துக்குச் செய்வோம், பரீட்சை வைத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவேன், முதல் இரண்டு வகுப்புக்குக் காசில்லை என்று. பிள்ளைகள் படித்தார்களோ தெரியாது, உம்மாமார் படித்தார்கள். போனில் கேட்ட முதல் கேள்வி பெரும்பாலும் "திருத்தித் தருவீர்களா சேர்" என்பதுதான்.

---

பூஸ்ட் மாஸ்டர்

சரி, அப்படியானால் விதி இதுதானே: விலை கூடிய சாமானுக்கு நீளம், விலை குறைந்ததற்கு ஒரு வரி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு கதை எதற்கு?

---

கல்லடியான்

அது விதியில்லை மாஸ்டர். கல்முனையில் நகைக்கடைகளைப் பாருங்கள். ஒரு பவுண் எத்தனை சேலைக்குச் சமம்! ஆனால் அவர்களுடைய விளம்பரத்தில் கடைப் பெயரும் செய்கூலியில் கழிவும்தான் இருக்கும். தங்கம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை, அன்றைய விலை எல்லோருக்கும் தெரியும், 22 கரட் என்றால் போதும். கடைக்குப் போய்க் கையில் வாங்கிப் பார்க்கலாம், பிறகு விற்கவும் முடியும். விளம்பரம் கடை வாசல் வரைக்கும் ஆளைக் கொண்டுவந்து விட்டால் போதும், மீதியை உள்ளே நிற்பவர் பார்த்துக்கொள்வார்.

மறுபக்கம் பாருங்கள். 900 ரூபா சாமான்தான், ஆனால் குழந்தையின் உடம்பில் பூசுகிற எண்ணெய் என்றால்? தாய் ஆயிரம் கேள்வி கேட்பா. அங்கே நீளம் வேண்டும். விலையைவிட, பிழைத்துப் போனால் என்ன நட்டம் என்ற பயம்தான் ஆளை நிறுத்துகிறது.

கொமர்ஸ் சேரின் கதை எனக்குப் பிடித்தது. பாடம் ஒன்று, கட்டணமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். பெயர் எடுத்தவருக்கு ஐந்து வரி போதும், ஏனென்றால் மீதியைப் பழைய மாணவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். சேரைப் பற்றி அப்படிச் சொல்ல ஆளில்லாதபோது நோட்டிஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாளைக்குச் சேரும் பெயர் எடுத்துவிட்டால் பின்பக்கத்தை வெள்ளையாக விடலாம்.

இப்போது பிள்ளையின் கணக்குக்கு வருகிறேன். இது கொஞ்சம் கசக்கும். 4க்கு 9 என்பதை வைத்து ஒன்றையும் முடிவுகட்ட வேண்டாம். மொத்தம் 13 சேலை. இரண்டு போஸ்ட்டும் ஒரே மாதிரி விற்கக்கூடியவை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சேலைக்கும் ஒரு காசைச் சுண்டிப் பார்த்தாலே ஏதாவது ஒரு பக்கம் 9 அல்லது அதற்கு மேல் விழுவது நாலு தடவையில் ஒரு தடவை நடக்கும். "தற்செயல்" என்று மாஸ்டர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு போஸ்ட்டைத் தனித்தனியாக பூஸ்ட் செய்தால் பேஸ்புக் ஒரே மாதிரி ஆட்களுக்குக் காட்டாது. லைக் போடுகிற போஸ்ட்டை லைக் போடுகிற ஆட்களிடமே மேலும் மேலும் கொண்டுபோகும். ஆகவே எழுத்து வேறு, பார்த்த கூட்டமும் வேறு. எது விற்றது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? Ads Manager இல் A/B test என்று ஒன்று இருக்கிறது. அது ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒருவருக்கு ஒன்றை மட்டுமே காட்டும். படத்தையும் விலையையும் மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு வரிப் போஸ்ட்டிலும் விலையைப் போடுங்கள், இல்லாவிட்டால் நீளத்தைப் பரீட்சிக்கிறோமா விலையை மறைப்பதைப் பரீட்சிக்கிறோமா என்று தெரியாது.

யார் எதிலிருந்து வந்தார் என்று அறிய, ஒவ்வொன்றிலும் வேறு வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுங்கள். தட்டியதும் இந்தக் குறி தானாக எழுதப்பட்டு வரும், அவர் அனுப்பினால் போதும்:

```
https://wa.me/94XXXXXXXXX?text=S1
https://wa.me/94XXXXXXXXX?text=S2
```

தபாலில் சாமான் விற்ற காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையின் கூப்பனிலும் வேறு வேறு குறி போடுவார்கள். எந்தக் குறியில் கடிதம் கூட வந்ததோ அந்த விளம்பரத்தை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவார்கள். நீளமாக எழுதினால் விற்கும் என்ற பேச்சு வந்ததே அவர்களிடமிருந்துதான். அவர்களுக்கும் கடை இல்லை, முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை. அந்த நிலையில் வந்த பாடத்தை எல்லாச் சாமானுக்கும் ஒட்ட வைப்பதுதான் பிழை. லைக்கை எண்ணாதீர்கள், காசு கைக்கு வந்த சேலையை எண்ணுங்கள். திரும்பி வந்ததைக் கழியுங்கள்.

---

படுவான்கரைத் தயிர்

அண்ணன், எனக்கும் ஒரு யோசனை சொல்லுங்கள். வீதியோரம் எருமைத் தயிர் விற்கிறோம். மகன் பெரிய பெனர் ஒன்று அடிக்க வேண்டும் என்கிறான்: எருமை எங்கே மேய்கிறது, பால் எப்படிக் காய்ச்சுகிறோம், உடம்புக்கு என்ன நன்மை என்றெல்லாம். தேனும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கும் "நூறு வீதம் சுத்தமான காட்டுத் தேன்" என்று போடுவோமா?

---

கல்லடியான்

தயிருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மட்டக்களப்புத் தயிரைப் பற்றி வாகனத்தில் வருகிறவருக்கு நீங்கள் என்ன புதிதாகச் சொல்லப் போகிறீர்கள்? "எருமைத் தயிர்", சட்டி விலை, கடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போர்ட், வண்டி நிறுத்த இடம். களுவாஞ்சித் தம்பியின் 15 அங்குலம் இங்கேதான் உதவும். இன்றைக்கு உறைந்த சட்டியைச் சரித்துக் காட்டினால் ஒழுகாது, அதுவே போதும். பிழைத்தாலும் ஒரு சட்டிக் காசுதான் நட்டம், சுவைத்துப் பார்த்தவர் அடுத்த தடவை தானாக நிறுத்துவார்.

தேன் வேறு கதை. "சுத்தமான" என்பதைச் சீனிப்பாகு விற்கிறவனும் எழுதுகிறான், அதனால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதியே இல்லை. தீக்குச்சியை நனைத்துப் பற்றவைத்துக் காட்டுவது, தண்ணீரில் விட்டுக் காட்டுவது எல்லாம் ஆட்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. போத்தலோடு சின்னத் துண்டு ஒன்று வையுங்கள்: எந்தப் பக்கத்துக் காட்டில் எந்த மாதம் எடுத்தது, வடித்தது யார், கொஞ்ச நாளில் அடியில் சீனி போல உறைந்தால் அது கெட்டதல்ல, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை வைத்தால் இளகும். அந்த உறைவதைச் சொல்லாவிட்டால் வாங்கியவர் உங்களைக் கள்ளன் என்று நினைப்பார். ஒரே மேசையில் ஒன்றுக்கு இரண்டு சொல், மற்றதற்கு ஒரு பந்தி.

---

தறிவீட்டுப் பிள்ளை

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நெசவு வேலை கூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

கல்லடி அண்ணன் சொன்னபடி A/B test வைத்தேன். இரண்டிலும் விலை இருந்தது. நீளமானதில் உம்மம்மா பந்தியை எடுத்துவிட்டேன் (வெள்ளவத்தை அக்கா மன்னிக்கவும்), "பாரம்பரியமிக்க", "தனித்துவமான" போன்ற சொற்களையும் எடுத்தேன். 350 சொல் 200க்கு வந்தது. சேலை முடிகிற வரைக்கும் ஓடவிட்டேன். ஒரு வரிக்கு 12, நீளமானதற்கு 31. திரும்பி வந்தது நீளமானதில் ஒன்று, ஒரு வரியில் மூன்று. திருப்பிய மூவரில் இருவர் சொன்ன காரணம் சாயம்தான். ஒரு வரிக்காரர்களுக்குத் துவைக்கிற முறையைப் பார்சலுக்குள் துண்டில் வைத்திருந்தும் அவர்கள் பார்க்கவில்லை.

ஆனால் இன்னொன்று நடந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம். முன்பு வாங்கியவர்களின் இலக்கங்களை வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறேன். புதிதாக மாம்பழ நிறத்தில் நெய்தபோது அவர்களுக்கும் அந்த 200 சொல்லையே அனுப்பினேன். ஒருவர்கூட வாங்கவில்லை. இரண்டு பேர் "நல்லா இருக்கு" என்று போட்டார்கள். அடுத்த கிழமை பச்சைக் கரை வைத்த நீலச் சேலையின் படத்தோடு "நீலம், பச்சைக் கரை. 6,800. நாலு மட்டும் இருக்கு" என்று அனுப்பினேன். மஃரிபுக்கு முன்னம் நாலும் முடிந்துவிட்டது. உண்மையிலேயே நாலுதான் இருந்தது, பொய் இல்லை.

---

கல்லடியான்

31க்கு 12 என்றால் இனிக் காசு சுண்டுகிற கதை இல்லை, நூறு தடவை சுண்டினாலும் அப்படி ஒரு தடவை வருவது அரிது. மாஸ்டர், தற்செயல் என்பதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் விஷயம் எனக்கு ஆச்சரியமில்லை பிள்ளை. சாயம் போகுமா, ரவிக்கைத் துண்டு இருக்குமா, காசை அனுப்பினால் சேலை வருமா என்று அவர்கள் ஏற்கனவே கண்டுவிட்டார்கள். உங்கள் 200 சொல்லும் அவர்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லிற்று. அவர்களுக்குத் தெரியாதது இரண்டுதான்: என்ன நிறம், எத்தனை இருக்கிறது. புது ரகம் ஒன்று, உதாரணத்துக்குப் பட்டு கலந்த சேலை கொண்டுவந்தால் அதே ஆட்களுக்கும் கொஞ்சம் எழுத வேண்டிவரும். ஆனால் முழுவதையும் இல்லை, பட்டைப் பற்றி மட்டும்.

---

பூஸ்ட் மாஸ்டர்

கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார். இது அந்த நேரத்தில் விற்ற சேலையின் கணக்கு. "மண்ணின் பெருமை உங்கள் தோளில்" என்ற வரியை நூறு தடவை பார்த்த ஒருத்தி அடுத்த பெருநாளுக்குச் சேலை வாங்க நினைக்கும்போது மருதமுனை என்ற பெயர் ஞாபகத்துக்கு வந்தால், அந்த விற்பனை எந்தக் குறியில் விழும்? S1ஆ S2ஆ? பெரிய கம்பனிகள் என்ன பைத்தியமா, ஒரே வரியைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருக்க?

---

கல்லடியான்

நல்ல கேள்வி. அது எந்தக் குறியிலும் விழாது, அதை என் பிள்ளைக்கணக்கால் அளக்க முடியாது. பெரிய கம்பனி ஒரே வரியைப் பத்து வருஷம் சொல்ல அதற்கு நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கடை இருக்கிறது. ஞாபகம் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போனால் சாமான் இருக்கும். சோப்புக்கு அது சரி. இரண்டு தறி வைத்திருக்கும் வீடு அந்த ஞாபகத்துக்குக் காசு கொடுத்தால் பலன் பாதி பக்கத்து வீட்டுத் தறிக்கும், மருதமுனை என்று பெயர் போட்டு விற்கிற மின்தறிக் கடைக்கும் போகும். ஊரிலுள்ள நெசவாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வரி, ஒரே முத்திரை என்று வந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

---

பூஸ்ட் மாஸ்டர்

அப்படிச் சேர்ந்தால் அந்த வரியை நான்தான் எழுதுவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

---

வெள்ளவத்தை அக்கா

பிள்ளை, அந்த மாம்பழ நிறம் இன்னும் இருக்கிறதா? பட்டியலில் நானும் இருக்கிறேன், 200 சொல்லைக் கண்டதும் பிறகு படிப்போம் என்று விட்டுவிட்டேன்.

---

தறிவீட்டுப் பிள்ளை

இருக்கு அக்கா, இரண்டு. மாம்பழ நிறம், கரை மெரூன், 6,800. உள்பெட்டியில் முகவரியைப் போடுங்கள்.

கல்லடி அண்ணன், இன்னொரு கேள்வி. லண்டனில் இருந்து இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கு மருதமுனை தெரியும், தறியும் தெரியும், சிலருடைய உம்மாவே நெய்தவர். ஆனால் தபால் செலவு, சுங்கம், திருப்பி அனுப்புவது எல்லாம் புதுப் பிரச்சினை. அவர்களுக்குச் சேலையைப் பற்றி ஒன்றும் எழுதாமல் அனுப்புகிற முறையை மட்டும் நீளமாக எழுதினால் போதுமா? யாராவது அனுப்பிப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.